ரத்தசோகை அறிக்கையில் எம்சிவியும் ஆர்டிடபிள்யூவும் என்ன சொல்கின்றன: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹீமோகுளோபின் 9.6 என்று வந்திருக்கிறது. ரத்தம் கம்மி என்று அதிலேயே தெரிந்துவிட்டதே, மற்ற எண்களை எதற்குப் பார்க்க வேண்டும்?

ரத்தம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை மட்டும்தான் ஹீமோகுளோபின் சொல்லும். ஏன் குறைந்தது என்று அது சொல்லாது. மாதவிடாயில் அதிகம் ரத்தம் போகும் பெண்ணுக்கும் 9.6 வரலாம், பிறவியிலேயே தலசீமியா மைனர் என்ற லேசான மரபணுக் குறை உள்ளவருக்கும் வரலாம், பி12 குறைந்த முதியவருக்கும் வரலாம், சிறுநீரகம் பழுதான நோயாளிக்கும் வரலாம். நால்வருக்கும் வைத்தியம் வேறு வேறு. முதலாமவருக்கு இரும்பு மாத்திரை வேண்டும். இரண்டாமவருக்கு அதே மாத்திரையை வருடக்கணக்கில் கொடுத்தாலும் எண் நகராது. மூன்றாமவருக்கு அதை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் நரம்பு பாதிப்பு கவனிக்கப்படாமல் வளரும்.

இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, தலசீமியாவுக்கான ஹீமோகுளோபின் ஏ2 என்று எல்லாப் பரிசோதனைகளையும் முதல் நாளே எழுதிவிடலாம்தான், ஆனால் செலவு ஏறிவிடும். அடுத்து எதைப் பார்ப்பது என்பதைச் சிவப்பணுவின் அளவே ஓரளவு காட்டிவிடும். எம்சிவியும் ஆர்டிடபிள்யூவும் சாதாரண சிபிசி பரிசோதனையிலேயே வந்துவிடுகின்றன. அவற்றுக்கென்று தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை.

எம்சிவி என்றால் என்ன, ஆர்டிடபிள்யூ என்றால் என்ன? எப்படி அளக்கிறார்கள்?

எம்சிவி என்பது ஒரு சிவப்பணுவின் சராசரி கன அளவு. பெரியவர்களுக்கு 80 முதல் 100 ஃபெம்டோலிட்டர் வரை இருப்பது இயல்பு. ஆர்டிடபிள்யூ என்பது அந்த அணுக்கள் ஒன்றுக்கொன்று அளவில் எவ்வளவு வித்தியாசப்படுகின்றன என்பதன் அளவு. பெரும்பாலான ஆய்வகங்களில் 11.5 முதல் 14.5 சதவீதம் வரை இயல்பு என்று போட்டிருப்பார்கள். இயந்திரத்துக்கு இயந்திரம் இது கொஞ்சம் மாறும். அதனால் உங்கள் அறிக்கையில் அச்சாகியுள்ள எல்லையோடுதான் ஒப்பிட வேண்டும்.

எம்சிவியைக் கணக்கிடும் முறையை 1930 வாக்கில் அமெரிக்க மருத்துவர் மேக்ஸ்வெல் விண்ட்ரோப் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். ரத்தத்தைக் குழாயில் சுழற்றி, அடியில் படியும் சிவப்பணுக்களின் பங்கை, அதாவது HCTயை அளந்து, அதை அணுக்களின் எண்ணிக்கையால் வகுப்பது அந்த முறை. இன்றைய இயந்திரங்கள் பல, 1953ல் வாலஸ் கோல்டர் காப்புரிமை பெற்ற முறையில் வேலை செய்கின்றன. மிகச் சிறிய துளை வழியாக அணுக்கள் ஒவ்வொன்றாகப் போகும்போது மின்தடை ஒரு கணம் ஏறும். அணு பெரிதாக இருந்தால் ஏற்றமும் பெரிதாக இருக்கும். இப்படி ஆயிரக்கணக்கான அணுக்களை அளந்து இயந்திரம் ஒரு வளைகோடு வரைகிறது. அந்த வளைகோட்டின் சராசரி எம்சிவி. அதன் அகலத்தைக் காட்டுவது ஆர்டிடபிள்யூ.

```
MCV    = HCT ÷ RBC × 10
RDW-CV = SD ÷ MCV × 100
```

இரண்டாவது வரியில் SD என்பது அணுக்களின் அளவு சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கிறது என்பது. அந்த வரியில் ஒரு விஷயத்தை இப்போதே கவனித்து வையுங்கள்: ஆர்டிடபிள்யூ சதவீதத்தைக் கணக்கிடும்போது எம்சிவியால் வகுக்கிறோம். இதனால் வரும் குழப்பத்தைக் கீழே பார்ப்போம்.

சிவப்பணு ஏன் சிலருக்குச் சிறுத்தும் சிலருக்குப் பெருத்தும் போகிறது?

எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு உருவாகும்போது இரண்டு வேலைகள் ஒன்றாக நடக்கின்றன. உள்ளே ஹீமோகுளோபின் நிரம்புகிறது, அணு பிரிந்து பிரிந்து பெருகுகிறது. ஒவ்வொரு பிரிவிலும் அணு சிறிதாகிக்கொண்டே வரும். ஹீமோகுளோபின் போதிய அளவு நிரம்பியதும் பிரிவு நின்றுவிடும்.

இரும்பு போதவில்லை என்றாலும், தலசீமியாவில் நடப்பதுபோல் குளோபின் புரதம் போதவில்லை என்றாலும், ஹீமோகுளோபின் மெதுவாகத்தான் நிரம்பும். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் அணு இன்னும் ஒரு முறை பிரிந்துவிடும். விளைவு, சின்ன அணு, குறைந்த எம்சிவி. பி12 அல்லது ஃபோலிக் அமிலம் குறைந்தால் கதை தலைகீழ். டிஎன்ஏ தயாரிப்பு தாமதமாவதால் பிரிவு தடைபடுகிறது, ஹீமோகுளோபின் மட்டும் தன் போக்கில் நிரம்புகிறது. விளைவு, பெரிய அணு, கூடிய எம்சிவி.

சிறுநீரகக் கோளாறிலோ நாள்பட்ட நோயிலோ அணு உருவாகும் முறை பெரிதாகக் கெடுவதில்லை, எண்ணிக்கைதான் குறைகிறது. அதனால் அளவு பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும்.

எம்சிவி 80க்குக் கீழே வந்தால் இரும்புச்சத்துக் குறைவு என்றே எடுத்துக்கொள்ளலாமா?

நம் ஊரில் பெரும்பாலும் அதுதான், ஆனால் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. எம்சிவி குறைவுக்குப் பொதுவான காரணங்கள் இரண்டு: இரும்புச்சத்துக் குறைபாடு, தலசீமியா மைனர். எம்சிவியை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். இங்கேதான் ஆர்டிடபிள்யூ உதவிக்கு வருகிறது. 1983ல் பெஸ்மன், கில்மர், கார்ட்னர் ஆகிய மூவர் எம்சிவியையும் ஆர்டிடபிள்யூவையும் சேர்த்து ரத்தசோகையை வகைப்படுத்தும் முறையை முன்வைத்தார்கள். இன்று மருத்துவ மாணவர்கள் படிக்கும் அட்டவணைக்கு அதுதான் மூலம்.

விளக்குவதற்காக ஒரே வீட்டில் இரண்டு பெண்களை வைத்துக்கொள்வோம், ஓர் அண்ணி, அவருடைய நாத்தனார். இருவருக்கும் சோர்வு, இருவருக்கும் ரத்தம் குறைவு.

அண்ணிக்கு ஹீமோகுளோபின் 9.6, சிவப்பணு எண்ணிக்கை 4.2 மில்லியன், எம்சிவி 72, ஆர்டிடபிள்யூ 18.4.

நாத்தனாருக்கு ஹீமோகுளோபின் 10.9, சிவப்பணு எண்ணிக்கை 5.7 மில்லியன், எம்சிவி 62, ஆர்டிடபிள்யூ 14.8.

முதலில் எண்ணிக்கையைப் பாருங்கள். நாத்தனாருக்கு ரத்தசோகை இருந்தும் சிவப்பணுக்கள் இயல்பைவிட அதிகம். இரும்பு இல்லாத மஜ்ஜையால் அப்படி உற்பத்தி செய்ய முடியாது. இரும்பு கைவசம் இருந்து, குளோபின் மட்டும் குறையும்போது மஜ்ஜை சின்னச் சின்ன அணுக்களாக நிறைய அனுப்புகிறது. அடுத்து, அவருடைய ஹீமோகுளோபின் அண்ணியைவிட மேல், எம்சிவியோ 10 குறைவு. சோகை லேசாக இருந்து அணு மட்டும் இவ்வளவு சிறுத்திருந்தால் தலசீமியாவை நினைக்க வேண்டும். இரும்புக் குறைபாட்டில் எம்சிவி 62க்கு இறங்கும் நேரத்தில் ஹீமோகுளோபின் பொதுவாக நன்றாகவே சரிந்திருக்கும்.

கடைசியாக ஆர்டிடபிள்யூ. அண்ணிக்கு 18.4, தெளிவாகவே அதிகம். நாத்தனாருக்கு 14.8, எல்லையைச் சற்றே தாண்டியது. இத்தனையும் சேர்த்து அண்ணிக்கு ஃபெரிட்டினும், நாத்தனாருக்கு ஃபெரிட்டினோடு ஹீமோகுளோபின் ஏ2 அளவும் பார்க்கச் சொல்வேன். மைனரா இல்லையா என்று அறிக்கையை மட்டும் வைத்து நாத்தனாரிடம் சொல்ல மாட்டேன்.

இரும்புக் குறைவில் ஆர்டிடபிள்யூ ஏன் ஏறுகிறது? தலசீமியா மைனரில் ஏன் அவ்வளவாக ஏறுவதில்லை?

சிவப்பணு ரத்தத்தில் சுமார் 120 நாள் வாழ்கிறது. இரும்பு ஒரே நாளில் தீர்ந்துபோவதில்லை. மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. மூன்று மாதம் முன்பு, இரும்பு ஓரளவு இருந்தபோது பிறந்த அணு இயல்பான அளவில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். போன மாதம் பிறந்தது அதைவிடச் சிறிது. இந்த வாரம் பிறந்தது இன்னும் சிறிது. இயந்திரம் அளக்கும் நேரத்தில் இத்தனை தலைமுறையும் ஒன்றாகக் கலந்திருப்பதால் வளைகோடு அகலமாகிறது. எம்சிவி 80க்குக் கீழே இறங்குவதற்கு முன்பே ஆர்டிடபிள்யூ ஏறத் தொடங்குவதும் இதனால்தான். பெரும்பான்மை அணுக்கள் சிறுத்த பிறகுதான் சராசரி இறங்கும். அகலம் கூடுவதற்குக் கொஞ்சம் சின்ன அணுக்கள் வந்தாலே போதும்.

தலசீமியா மைனரில் குறை பிறவியிலிருந்தே மரபணுவில் இருக்கிறது. நேற்றும் இன்றும் ஒரே குறைதான். எல்லா அணுக்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி சின்னதாகவே பிறக்கின்றன.

இப்போது அந்தக் குழப்பத்துக்கு வருவோம். சூத்திரத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அண்ணியின் அணுக்களில் உண்மையான பரவல் 72ல் 18.4 சதவீதம், அதாவது சுமார் 13.2 ஃபெம்டோலிட்டர். நாத்தனாருக்கு 62ல் 14.8 சதவீதம், சுமார் 9.2. எம்சிவி 90ம் ஆர்டிடபிள்யூ 13ம் உள்ள ஒரு சாதாரண ஆளுக்கு 11.7. ஆக, நாத்தனாரின் அணுக்கள் உண்மையில் சாதாரண ஆளின் அணுக்களைவிடவும் ஒரே சீராக இருக்கின்றன. வகுக்கும் எண் சிறியதாக இருப்பதால் மட்டுமே சதவீதம் எல்லையைத் தாண்டிவிட்டது. தலசீமியா மைனர் உள்ள பலருக்கு 15, 16 என்று வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். “ஆர்டிடபிள்யூ அதிகம், அதனால் இரும்புக் குறைவுதான்” என்று இவர்களை ஒதுக்கிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. சில அறிக்கைகளில் RDW-SD என்று இன்னொரு வரி இருக்கும். அது வளைகோட்டின் அகலத்தை நேராக ஃபெம்டோலிட்டரில் சொல்வது, எம்சிவியால் வகுப்பதில்லை. அந்த வரி இருந்தால் அதையும் பாருங்கள்.

மென்ட்சர் இண்டெக்ஸ் 13க்குக் கீழே வந்தால் தலசீமியா என்று இணையத்தில் படித்தேன். நம்பலாமா?

எம்சிவியைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுப்பதுதான் மென்ட்சர் இண்டெக்ஸ். 1973ல் வெளியானது. 13க்கு மேல் வந்தால் இரும்புக் குறைவின் பக்கம், கீழே வந்தால் தலசீமியா மைனரின் பக்கம் என்பது கணக்கு. அண்ணிக்கு 72 ÷ 4.2, அதாவது 17. நாத்தனாருக்கு 62 ÷ 5.7, சுமார் 10.9. மேலே நாம் யோசித்ததோடு ஒத்துப்போகிறது.

இப்படித் தெளிவாக வரும் இடத்தில் நம்பலாம், அதுவும் அடுத்த பரிசோதனையைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்குத்தான். 12, 13, 14 என்று நடுவில் வந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதைவிட முக்கியம், ஒருவருக்கே இரண்டும் சேர்ந்து இருந்தால் இந்தக் கணக்கு ஏமாற்றிவிடும். தலசீமியா மைனர் உள்ள பெண்ணுக்கு மாதவிடாயிலோ பிரசவத்திலோ இரும்பும் குறைந்துபோனால் சிவப்பணு எண்ணிக்கை இறங்கும், இண்டெக்ஸ் 13ஐத் தாண்டும், ஆர்டிடபிள்யூவும் ஏறும். பார்ப்பதற்கு வெறும் இரும்புக் குறைவு போலவே இருக்கும்.

அப்படியானால் உறுதியாக எப்படித் தெரிந்துகொள்வது?

இரும்புக்கு ஃபெரிட்டின், தலசீமியா மைனருக்கு ஹீமோகுளோபின் ஏ2.

ஃபெரிட்டின் 15க்குக் கீழே இருந்தால் இரும்புச் சேமிப்பு தீர்ந்துவிட்டது, சந்தேகமே வேண்டாம். சோகை உள்ளவருக்கு 30க்குக் கீழே இருந்தாலே பல மருத்துவர்கள் இரும்புக் குறைவாகவே எடுத்துக்கொள்வார்கள். ஆனால் காய்ச்சலோ மூட்டுவாதமோ வேறு அழற்சியோ இருந்தால் ஃபெரிட்டின் தானாகவே ஏறிக்கொள்ளும். அப்போது 60, 70 என்று வந்தாலும் இரும்பு போதுமானது என்று அர்த்தமில்லை.

ஹீமோகுளோபின் ஏ2 பொதுவாக 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பீட்டா தலசீமியா மைனர். இதில் ஒரு சிக்கல் உண்டு. இரும்பு கடுமையாகக் குறைந்திருந்தால் ஏ2 கொஞ்சம் இறங்கிவிடும், மைனர் இருந்தும் 3.3 என்று வந்து ஏமாற்றும். அதனால் எல்லைக்கோட்டில் வந்தால் முதலில் இரும்பைச் சரிசெய்து, இரண்டு மூன்று மாதம் கழித்து ஏ2வைத் திரும்பப் பார்ப்பது வழக்கம். கர்ப்பிணியாக இருந்தால் அப்படிக் காத்திருக்க நேரம் இல்லை. கணவருடைய ரத்தத்தை உடனே பார்த்துவிட வேண்டும். ஆல்பா தலசீமியா மைனர் இந்தப் பரிசோதனையில் தெரியாது, அதற்கு மரபணுப் பரிசோதனைதான் வழி.

தலசீமியா மைனருக்கு மருந்தே வேண்டாம் என்கிறார்கள். பிறகு ஏன் கண்டுபிடிக்க மெனக்கெட வேண்டும்?

மைனர் உள்ளவர் மற்றவர்களைப் போலவே வாழலாம், உண்மைதான். ஆனால் கணவன், மனைவி இருவருமே பீட்டா தலசீமியா மைனராக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் குழந்தைக்கு தலசீமியா மேஜர் வரும். அந்தக் குழந்தைக்குப் பொதுவாக மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்ற வேண்டும், சேரும் இரும்பை வெளியேற்ற வாழ்நாள் முழுக்க மருந்தும் வேண்டும். திருமணத்துக்கு முன்போ, கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்திலோ தெரிந்தால் தம்பதியர் முடிவெடுக்க அவகாசம் கிடைக்கும். எம்சிவி 62 என்று வந்த சிபிசி ஒன்று கவனிக்கப்படாமல் கோப்பில் கிடந்தால் அந்த அவகாசம் போய்விடும். ரத்தசோகை அறிக்கைகளில் எனக்கு மிகவும் மனம் பதைக்கும் இடம் இதுதான்.

இன்னொன்று, தேவையில்லாத இரும்பு மாத்திரையையும் நிறுத்தலாம். ஃபெரிட்டின் இயல்பாக உள்ள மைனருக்கு இரும்பு கொடுத்துப் பயனில்லை.

அப்பாவுக்கு ஹீமோகுளோபின் 8.4. எம்சிவி 88, நார்மல். அப்படியென்றால் சத்துக் குறைவு இல்லை என்றுதானே அர்த்தம்?

ஆர்டிடபிள்யூவைப் பார்க்காமல் அப்படிச் சொல்ல முடியாது. எம்சிவி வெறும் சராசரி. ஒரு கூடையில் பாதி சின்ன வெங்காயம், பாதி பல்லாரி என்று கொட்டி வைத்தால் சராசரி எடை நடுத்தரமாகத்தான் வரும், ஆனால் அந்த நடுத்தர அளவில் ஒரு வெங்காயம்கூடக் கூடையில் இருக்காது.

ரத்தத்திலும் இப்படி நடக்கும். 61 வயது, சைவ உணவு, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை பல வருடமாகச் சாப்பிடுகிறார், மூலத்தில் அவ்வப்போது ரத்தம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். சைவ உணவும் மெட்ஃபார்மினும் பி12ஐக் குறைக்கும். மூலம் இரும்பைக் குறைக்கும். பி12 குறைவு அணுவைப் பெரிதாக்கப் பார்க்கிறது, இரும்புக் குறைவு சிறிதாக்கப் பார்க்கிறது. சராசரி 88ல் வந்து நிற்கிறது. ஆர்டிடபிள்யூ மட்டும் 23.6 என்று காட்டிக்கொடுக்கிறது. ஹீமோகுளோபின் குறைந்து, எம்சிவி இயல்பாக இருந்து, ஆர்டிடபிள்யூ இப்படி ஏறியிருந்தால் முதலில் நினைக்க வேண்டியது இந்தக் கலப்புக் குறைபாட்டைத்தான்.

இங்கே ஸ்மியர் மிகவும் உதவும். ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தால், வெளிறிய சின்ன அணுக்களும் முட்டை வடிவப் பெரிய அணுக்களும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். வெள்ளணுக்களில் நியூட்ரோஃபிலின் உட்கரு வழக்கத்தைவிட அதிகப் பிரிவுகளோடு, ஐந்து ஆறு மடலாக இருக்கும். அது பி12 அல்லது ஃபோலிக் அமிலக் குறைவின் அடையாளம், இரும்புக் குறைவு கூட இருந்தாலும் பெரும்பாலும் மறைவதில்லை.

இப்படிப்பட்டவருக்கு இரும்பு மட்டும் கொடுத்தால் ஹீமோகுளோபின் கொஞ்சம் ஏறிப் பாதியில் நின்றுவிடும், எம்சிவி 100ஐத் தாண்டி ஏறத் தொடங்கும். மறைந்திருந்த பி12 குறைவு அப்போது வெளியே தெரியும். முதலிலேயே ஃபெரிட்டின், பி12, ஃபோலேட் மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது. இந்த வயதில் இரும்பு எங்கே கசிகிறது என்பதையும் தேட வேண்டும். மூலம்தான் என்று நாமாக முடிவுகட்டக் கூடாது. குடலில் புண்ணோ கட்டியோ இருக்கிறதா என்று எண்டோஸ்கோப்பி, கொலோனோஸ்கோப்பி செய்து பார்ப்பது அவசியம்.

அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தாலும் இதே தோற்றம் வரும். தன் அணுக்களும் கொடையாளரின் அணுக்களும் கலந்திருக்கும். ரத்தம் ஏற்றும் முன் எடுத்த மாதிரியைத்தான் நம்ப வேண்டும்.

எம்சிவி 112 வந்திருக்கிறது. பி12 ஊசி போட்டுக்கொண்டால் போதுமா?

முதலில் அளவைப் பாருங்கள், பிறகு ஊசி. எம்சிவி 110ஐத் தாண்டி, ஆர்டிடபிள்யூவும் ஏறியிருந்தால் பி12 அல்லது ஃபோலிக் அமிலக் குறைவுக்கு வாய்ப்பு அதிகம். 100க்கும் 110க்கும் நடுவில், ஆர்டிடபிள்யூ இயல்பாக இருந்தால் மது, கல்லீரல் நோய், தைராய்டு குறைவு, ஹைட்ராக்சியூரியா போன்ற மருந்துகள் என்று வேறு பக்கம் பார்க்க வேண்டும். வயதானவர்களில் மஜ்ஜையே கெட்டுவரும் மைலோடிஸ்பிளாசியாவையும் மறக்கக் கூடாது. வெள்ளணுவும் பிளேட்லெட்டும் சேர்ந்து குறைந்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும்.

சிவப்பணுக்கள் வேகமாக அழியும் நோயிலும் எம்சிவி ஏறும். ஈடுகட்டுவதற்காக மஜ்ஜை அவசரமாக அனுப்பும் இளம் அணுக்களான ரெட்டிகுலோசைட்டுகள் அளவில் பெரியவை என்பதே காரணம். ரெட்டிகுலோசைட் எண்ணிக்கை எடுத்தால் தெரிந்துவிடும்.

கடைக்காரர் கொடுத்தார் என்று ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் சாப்பிட்டுப் பார்ப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்தால் ஹீமோகுளோபின் ஏறலாம், ஆனால் கால் மரத்துப்போவதும் தள்ளாட்டமும் கூடிக்கொண்டே போகும். சில மாதம் தாமதித்தால் அந்த நரம்பு பாதிப்பு முழுமையாகத் திரும்பாமலும் போகலாம்.

எம்சிவி, ஆர்டிடபிள்யூ இரண்டுமே இயல்பு, ஹீமோகுளோபின் மட்டும் குறைவு என்றால்?

நாள்பட்ட அழற்சி, சிறுநீரகக் கோளாறு, அண்மையில் ஏற்பட்ட ரத்த இழப்பு. கிரியாட்டினினும் ரெட்டிகுலோசைட் எண்ணிக்கையும் அடுத்த படி. இந்த வகையில் சிவப்பணு அளவுகள் அதிகம் பேசுவதில்லை.

இரும்பு மாத்திரை ஆரம்பித்து மூன்று வாரத்தில் ஆர்டிடபிள்யூ 18லிருந்து 24க்கு ஏறிவிட்டது. நோய் முற்றுகிறதா?

ஹீமோகுளோபினும் ஏறியிருந்தால் இது நல்ல செய்தி. இரும்பு கிடைத்ததும் மஜ்ஜை இயல்பான அளவுள்ள புது அணுக்களை அனுப்புகிறது. பழைய சின்ன அணுக்கள் இன்னும் ரத்தத்தில் இருக்கின்றன. இரண்டும் கலப்பதால் வளைகோடு இன்னும் அகலமாகிறது, சில சமயம் இரண்டு முகடுகளாகவே பிரிந்து தெரியும். பழைய அணுக்கள் ஆயுள் முடிந்து மறைய மறைய, மூன்று நான்கு மாதத்தில் ஆர்டிடபிள்யூ தானாக இறங்கிவிடும்.

மூன்று நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் 1 முதல் 2 கிராம் ஏற வேண்டும். எண் இயல்புக்கு வந்த பிறகும் சுமார் மூன்று மாதம் மாத்திரையைத் தொடர்ந்தால்தான் சேமிப்பு நிரம்பும். ஹீமோகுளோபினும் ஏறவில்லை, ஆர்டிடபிள்யூவும் அசையவில்லை என்றால் யோசிக்க வேண்டும். முதல் சந்தேகம், மாத்திரை சரியாக உள்ளே போகிறதா என்பது. மலச்சிக்கலுக்கும் குமட்டலுக்கும் பயந்து பலர் நடுவில் நிறுத்திவிடுகிறார்கள், சிலர் காபி, டீயோடு சேர்த்து விழுங்குகிறார்கள். அது சரியாக இருந்தால், ரத்தம் இன்னும் போய்க்கொண்டிருக்கிறதா, குடல் இரும்பை உறிஞ்சுகிறதா, ஆரம்பத்திலேயே தலசீமியா மைனரைத் தவறவிட்டோமா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

இயந்திரம் கொடுக்கும் எம்சிவியே தவறாக இருக்க வாய்ப்பு உண்டா?

உண்டு. அதைப் பிடிப்பதற்கு எம்சிஎச்சி என்ற வரி உதவும். அது சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பது, வழக்கமாக 32 முதல் 36 வரை. ஓர் அணுவுக்குள் அதற்கு மேல் பெரிதாக அடைக்க இடமில்லை. ஆகவே 37, 38ஐத் தாண்டினால் மாதிரியில் ஏதோ கோளாறு என்று ஆய்வகத்தில் உஷாராகிவிடுவார்கள்.

ஓர் அறிக்கையில் ஹீமோகுளோபின் 10.2, சிவப்பணு 1.6 மில்லியன், எம்சிவி 124, எம்சிஎச்சி 51 என்று வந்தால், பி12 குறைவு என்று துள்ளக் கூடாது. 51 என்பது நடக்கவே முடியாத எண். குளிரில் செயல்படும் எதிர்ப்பொருள் சிவப்பணுக்களை ஒட்ட வைத்திருக்கும். இரண்டு மூன்று அணுக்கள் ஒட்டிக்கொண்டு துளை வழியே போகும்போது இயந்திரம் அதை ஒரே பெரிய அணு என்று எண்ணிவிடுகிறது. மாதிரியை 37 டிகிரியில் சூடாக்கி உடனே திரும்ப ஓட்டினால் பெரும்பாலும் சரியான எண்கள் வந்துவிடும்.

ரத்தம் எடுத்து ஒரு நாளுக்கு மேல் ஆன மாதிரியில் அணுக்கள் நீர் உறிஞ்சி வீங்கும், எம்சிவி சற்று ஏறும். ரத்தச் சர்க்கரை மிக மிக அதிகமாக இருந்தாலும் இயந்திரத்தின் திரவத்தில் அணுக்கள் இதேபோல் வீங்கும். கிராமத்தில் எடுத்து மறுநாள் மாலை நகர ஆய்வகத்துக்குப் போய்ச் சேரும் மாதிரிகளில் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஹீமோகுளோபின் 13, எம்சிவி 84, எல்லாம் சரி. ஆர்டிடபிள்யூ மட்டும் 15.8 என்று சிவப்பு எழுத்தில் வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பயப்பட வேண்டியதில்லை, ஆனால் மாதவிடாய் அதிகம் உள்ள பெண், அடிக்கடி ரத்ததானம் செய்பவர், அண்மையில் பிரசவித்தவர் என்றால் ஒரு ஃபெரிட்டின் எடுத்துப் பார்ப்பது பயனுள்ளது. ரத்தசோகையாக மாறும் முன்பே இரும்புக் குறைவைப் பிடித்துவிடலாம். மற்றபடி வயது, இதய நோய், கல்லீரல் நோய், அழற்சி என்று பல காரணங்களால் ஆர்டிடபிள்யூ லேசாக ஏறும். தனியாக அதை வைத்து எந்த நோயையும் சொல்ல முடியாது. இயல்புக்குக் கீழே வந்தால் அதற்கு நோய் சார்ந்த பொருள் எதுவும் இல்லை, விட்டுவிடலாம்.

பழைய சிபிசி அறிக்கைகள் வீட்டில் இருந்தால் எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள். ஐந்து வருடம் முன்பு எம்சிவி 92 ஆக இருந்து இப்போது 84 என்றால், இரண்டுமே எல்லைக்குள் இருந்தாலும் அணுக்கள் சிறுத்துக்கொண்டு வருகின்றன. அப்போது 84, இப்போதும் 84 என்றால் அது உங்களுடைய இயல்பு.